கையில் பிடித்தே எடுக்கும் இரவுப் படம்

ஜார்ஜ்டவுன் குயின் வீதியிலுள்ள மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை இரவில் திறன்பேசியால் படமெடுப்பதாகக் கொள்வோம். போதிய ஒளி சேர ஒரு வினாடி வேண்டும். அதற்குள் கை அசைந்து சிற்பங்கள் கலங்கிவிடும்.

2018இல் கூகுள் வெளியிட்ட இரவு முறை, அந்த ஒரு வினாடியை 1/15 வினாடி அளவிலான 15 படங்கள் வரை பகுத்துக்கொண்டது. தனிப்படம் ஒவ்வொன்றும் கூர்மையானதே; எனினும் ஒளி குறைவாதலால் அதில் இரைச்சற்புள்ளிகள் மிகுதி. கருவி தெளிவான ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டு, ஏனையவற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கை அசைந்த அளவுக்கு நகர்த்திப் பொருத்திச் சராசரி காண்கிறது. சிற்பத்தின் விளிம்பு எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வந்தமைகிறது. இரைச்சலோ படத்துக்குப் படம் மாறுவதால் தணிகிறது. 15இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4. ஆகவே இரைச்சல் கால் பங்காகிறது. இதனை வெறும் ஒப்பனை என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சேர்ந்தது மெய்யான ஒளியே.

வாயிலைக் கடந்து நடப்பவர் மட்டும் பொருந்துவதில்லை. அவ்விடத்தில் கருவி பிற படங்களைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கினால் கோபுரம் தெளிவாகவும் அவர் உருவம் மணல் தூவியது போலவும் தெரியும்.