சோடியம் குறைந்தால் கோட்டிசோலையும் பார்க்க வேண்டும்

"டொக்டர், அம்மாவுக்கு உப்புக் குறைஞ்சிட்டுதாம். கறியில கொஞ்சம் கூடப் போடவோ?" மருத்துவ விடுதியில் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். குருதியில் சோடியம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் சாப்பாட்டில் உப்புக் குறைந்தது அல்ல. உடலில் நீர் கூடிப்போய், இருக்கும் சோடியம் ஐதாகிவிடுவதே காரணம்.

நீரை உடலில் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது சிறுநீர்ப் பெருக்கெதிர் ஓமோன். உடலில் நீர் கூடினால் அது சுரப்பதை நிறுத்த வேண்டும். நியூமோனியா, நுரையீரற் புற்றுநோய், மூளைக் காயம், வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெப்பின் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் சிலருக்கு அது தேவையில்லாமலும் சுரந்துகொண்டே இருக்கும். இந்த நிலைக்கு வழக்கமான முதற்சிகிச்சை, குடிக்கும் நீரைக் குறைப்பதுதான்.

ஆனால் இதே தோற்றத்தில் வரும் இன்னொரு நோய் உண்டு. பலரிடம் கண்டதை ஒருவரின் கதையாகச் சேர்த்துச் சொல்கிறேன். 62 வயது அம்மா ஒருவர் மூட்டுவலிக்காக இரண்டு வருடங்களாகப் பிரெட்னிசொலோன் குளிசை போட்டு வந்தார். வலி குறைந்ததும் தானாகவே நிறுத்திவிட்டார். இரண்டு கிழமைக்குள் சாப்பாட்டில் மனமில்லை, சத்தி, எழும்ப முடியாத களைப்பு. பிறகு பேச்சும் தடுமாறியது. சோடியம் 118. அது 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும். பொட்டாசியம் சரியாக இருந்தது. கால் வீக்கம் இல்லை, நாவும் வறண்டிருக்கவில்லை. சிறுநீர் செறிவாக இருந்தது, அதில் சோடியமும் 60 இருந்தது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால், ஓமோன் தேவையின்றிச் சுரக்கும் நிலை என்றே எவரும் சொல்வர். காலையில் எடுத்த கோட்டிசோல் பரிசோதனைதான் உண்மையைக் காட்டியது. நோய் நெருக்கடியில் பல நூறாக ஏறியிருக்க வேண்டிய அளவு, 60 நனோமோல்தான் இருந்தது.

சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனற் சுரப்பி கோட்டிசோலைச் சுரக்கிறது. நீரைப் பிடிக்கும் ஓமோனுக்குக் கடிவாளம் போடுவதும் இந்தக் கோட்டிசோல்தான். நீண்டகாலம் வெளியிலிருந்து ஸ்டீரொயிட் கிடைத்தால், சுரப்பியை ஏவுகின்ற மூளையடிக் கபச்சுரப்பி உறங்கிவிடும். குளிசையைத் திடீரென நிறுத்தினாலும் அது உடனே விழிப்பதில்லை. கோட்டிசோல் இல்லாதபோது கடிவாளமும் இல்லை. அதனால்தான் பரிசோதனை முடிவுகள் இரண்டு நோய்களிலும் ஒன்றுபோலவே வருகின்றன.

"அதிரீனற் கோளாறு என்றால் பொட்டாசியம் கூடியிருக்குமே" என்று சிலர் கேட்பர். காசநோயாலோ வேறு காரணத்தாலோ சுரப்பியே அழிந்தால் அப்படித்தான் நடக்கும். அப்போது உப்பைக் காக்கும் அல்டொஸ்டெரோனும் இல்லாமற் போகிறது. சிறுநீரில் உப்பு இழக்கப்படும், பொட்டாசியம் ஏறும், குருதியமுக்கம் விழும், தோலும் கறுக்கும். கபச்சுரப்பி பக்கத்துக் கோளாறில் அல்டொஸ்டெரோன் தொடர்ந்து சுரப்பதால் பொட்டாசியம் ஏறுவதில்லை. ஆகவே பொட்டாசியம் சரியாக இருப்பதை வைத்து இந்த நோயை விலக்க முடியாது.

சிகிச்சையோ முற்றிலும் வேறு. அந்த அம்மாவுக்கு நீரை மட்டும் குறைத்திருந்தால் மூல நோய் அப்படியே இருந்து, குருதியமுக்கம் விழுந்து உயிராபத்து வந்திருக்கும். கோட்டிசோலுக்கு இரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகோட்டிசோன் 100 மில்லிகிராம் நாளத்தில் ஏற்றப்பட்டது. சில மணித்தியாலங்களில் சிறுநீர் தாராளமாகப் போகத் தொடங்கியது. இங்கேயும் ஓர் ஆபத்து உண்டு. கடிவாளம் திரும்பியதும் நீர் வேகமாக வெளியேறி, சோடியம் மளமளவென ஏறலாம். 24 மணித்தியாலத்தில் 8 முதல் 10க்கு மேல் ஏறினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து, கைகால் விழுந்துபோகக்கூடும். அதனால் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். "ஏன் இப்படிக் குத்துகிறார்கள்?" என்று உறவினர் நொந்துகொள்வதற்கான பதில் இதுதான்.

போரில் தலையில் காயப்பட்டவர்கள் இதைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். தலைக்காயம் கபச்சுரப்பியைப் பாதிக்கலாம். அது வெளித்தெரிய வருடங்களும் ஆகலாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் சிலருக்கும், பிள்ளைப்பேற்றில் மிகுந்த இரத்தம் இழந்த தாய்மார் சிலருக்கும் இதே பாதிப்பு வருவதுண்டு. நாட்பட்ட களைப்பை "வயசு போட்டுது" என்று விட்டுவிடுவது இங்குதான் பிழைக்கிறது.

சோடியம் குறைவு என்று சொல்லப்பட்டால், வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், முன்பு போட்டு நிறுத்தியவற்றின் மட்டைகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பழைய தலைக்காயத்தையும் பாம்புக்கடியையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கோட்டிசோல் பார்த்தாயிற்றா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். சில கிழமைகளுக்கு மேல் ஸ்டீரொயிட் குளிசை போட்டவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.