ஜூன் மாதக் கணக்கை மார்ச்சில் தேடினால் கிடைக்காது

அப்ரைசல் படிவத்தை நிரப்ப உட்காரும்போது பலருக்கும் கடைசி இரண்டு மாதம் செய்த வேலைதான் நினைவுக்கு வருகிறது. மேனேஜருக்கும் அப்படித்தான். ஆனால் பல நிறுவனங்களில் அவர் போடும் ரேட்டிங்கோடு விஷயம் முடிவதில்லை. எல்லாப் பிரிவு மேனேஜர்களும் உட்கார்ந்து, யாருக்கு மேல் ரேட்டிங், யாருக்கு நடு ரேட்டிங் என்று பேசி முடிவெடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களை அறியாதவர்கள் முன்னால் உங்களுக்காகப் பேசப்போகும் மேனேஜரின் கையில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைப் பார்க்கும் ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். படிவத்தில் அவர் வழக்கமாக எழுதுவது, 'பில்களை உரிய நேரத்தில் முடித்தேன்' என்ற ஒரு வரி. அதைத்தான் பக்கத்து மேஜைக்காரரும் எழுதுவார். கூட்டத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த மேனேஜராலும் வாதாட முடியாது.

உண்மையில் அவர் செய்தது அதைவிடப் பெரியது. ஜூன் கடைசியில், 45 நாளைத் தாண்டிய சிறு நிறுவனங்களின் பில்கள் 38 நிலுவையில் இருந்தன. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தாமதம் ஏன் என்று அவர் பார்த்தார். சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீது குடோனிலிருந்து வரவில்லை. அது இல்லாமல் பில்லைப் பாஸ் செய்ய முடியாது. திங்கள்தோறும் குடோன் பொறுப்பாளருக்கு விடுபட்ட ரசீதுகளின் பட்டியலை அனுப்ப ஆரம்பித்தார். அக்டோபர் கடைசியில் நிலுவை 6.

இதில் எது ஆதாரம்? 6 என்ற எண் மட்டும் போதாது. 38-லிருந்து இறங்கியது என்று காட்டினால்தான் அதற்குப் பொருள். சிக்கல் இங்கேதான். பில்கள் பாஸ் ஆனதும் நிலுவைப் பட்டியலிலிருந்து அவை மறைந்துவிடும். அதே எக்செல் ஷீட்டில் அடுத்த மாதக் கணக்கை ஏற்றிவிடுவார்கள். மார்ச்சில் தேடினால் ஜூன் நிலவரத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு வேலையில் கை வைப்பதற்கு முன்பே, அன்றைய பட்டியலைத் தேதியோடு தனியாகச் சேமித்துவிட வேண்டும். வேலை முடிந்தபின் நன்றி மெயில்களைச் சேகரிப்பதைவிட இது பல மடங்கு பயன்படும் என்பது என் கருத்து.

இன்னொரு எண்ணும் தேவை: மாதந்தோறும் வந்த பில்களின் எண்ணிக்கை. "இந்த வருஷம் ஆர்டரே கம்மி, அதான் நிலுவை குறைஞ்சிருக்கு" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், வரத்து குறையவில்லை என்று மேனேஜர் காட்ட வேண்டுமே! குடோன் பொறுப்பாளரின் பங்கையும் எழுதிவிடுவது நல்லது. எல்லாம் நானே செய்தேன் என்று எழுதி, குடோனின் மேனேஜரும் அதே கூட்டத்தில் இருந்துவிட்டால், உண்மையான பகுதியும் சேர்ந்து அடிபடும்.

இதற்கு வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் போதும். தேதி, முன்பு இருந்த நிலை, நான் செய்தது, அதற்கான கோப்போ மெயிலோ எங்கே இருக்கிறது என்று நாலு வரி எழுதி வைக்கலாம். ஒன்றும் நடக்காத வாரத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். ஆதாரங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். சப்ளையர் பட்டியலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால், அப்ரைசலுக்குப் பதிலாக ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியலாம்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட இலக்குகளில் இந்த வேலை இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஜூலையிலேயே மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்ச்சில் சொன்னால் அது கூடுதல் உதவியாகத்தான் கணக்கில் வரும். இவ்வளவும் செய்தும் மேல் ரேட்டிங் கிடைக்காமல் போகலாம். பிரிவுக்கு இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த வரம்பை எந்த ஆதாரமும் தளர்த்தாது.

ஆண்டு நடுவில் மேனேஜர் மாறினால்தான் இழப்பு அதிகம். புதியவருக்கு ஜூனில் நடந்தது எதுவும் தெரியாது. பழையவர் கிளம்பும் வாரத்திலேயே, 38-லிருந்து 6 ஆன விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்பி, "சார், இது சரிதான்னு ஒரு வரி பதில் போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புதிய மேனேஜருடனான முதல் சந்திப்புக்கு அந்த மெயிலின் பிரதியோடு போகலாம்.