முதலில் வெற்று விதி, பிறகு ஒற்றை விதி

நாம் எழுதும் நிரல் விதிப்படி இருக்கிறதா என்று கணினி சரிபார்க்க ஓர் இலக்கணம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சூழல்சாரா இலக்கணம்தான் பயன்படுகிறது. ஒரு குறி எவையெவையாகப் பிரியலாம் என்று அதன் ஒவ்வொரு விதியும் சொல்லும். இத்தகைய இலக்கணத்தை இரண்டே வகை விதிகளுக்குள் அடக்கிவிடலாம் என்று 1959இல் நோம் சோம்ஸ்கி காட்டினார். ஒரு குறி இரண்டு குறிகளாகப் பிரியும். இல்லையேல் ஓர் எழுத்தாக முடியும். இதுவே சோம்ஸ்கி இயல்வடிவம்.

இதனால் என்ன லாபம்? n எழுத்துள்ள சொல்லை உருவாக்கச் சரியாக 2n-1 படிகள் போதும். ஆகவே தேடல் எங்கே முடியும் என்பது முன்கூட்டியே தெரியும். ஒன்றுமில்லாமல் மறையும் வெற்று விதியும், ஒரு குறியை இன்னொரு குறியாக மட்டும் மாற்றும் ஒற்றை விதியும் இந்தக் கணக்கைக் கெடுக்கின்றன. இரண்டையும் நீக்க வேண்டும். எதை முதலில் நீக்குவது?

ஓர் இலக்கணத்தைப் பார்ப்போம். பெரிய எழுத்து பிரியும் குறி, சிறிய எழுத்து இறுதி எழுத்து, ε வெறுமை.

```
S → A B
A → a A | ε
B → b B | c
```

இதில் ஒற்றை விதி எதுவும் இல்லை. 'அந்த வேலை முடிந்தது' என்று எண்ணி வெற்று விதிக்குப் போனால் மாட்டிக்கொள்வோம். A மறையக்கூடியது, எனவே அது வரும் ஒவ்வொரு விதிக்கும், அது இல்லாத வடிவத்தையும் எழுதிவிட்டுத்தான் ε-ஐ நீக்க வேண்டும்.

```
S → A B | B
A → a A | a
B → b B | c
```

S → B என்ற புது ஒற்றை விதி முளைத்துவிட்டது. வெற்று விதியை நீக்குவது ஒற்றை விதியைப் பிறப்பிக்கிறது. அதனால்தான் ஒற்றை விதியின் முறை பின்னால் வருகிறது. இப்போது B-இன் விதிகளை S-க்கு நகலெடுத்து S → B-ஐ அழிக்கிறோம். வெற்று விதிகள் ஏற்கெனவே போய்விட்டதால், நகலெடுப்பதில் அவை திரும்பி வர வழியில்லை. கடைசியாக, குறியோடு சேர்ந்து நிற்கும் எழுத்துகளுக்கு X, Y என்று தனிக் குறி தருகிறோம்.

```
S → A B | Y B | c
A → X A | a
B → Y B | c
X → a
Y → b
```

வலப்பக்கம் நீளமான விதிகள் இருந்தால், வெற்று விதியைத் தொடும் முன்பே அவற்றை இரண்டிரண்டாக உடைத்துவிடுங்கள். மறையக்கூடிய 10 குறிகள் ஒரே விதியில் இருந்தால், வெறுமையைத் தவிர்த்து 1023 வடிவங்கள் எழுத நேரலாம். முதலிலேயே உடைத்தால் 9 விதிகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3 வடிவங்கள், மொத்தம் 27தான்.

மூல இலக்கணம் வெற்றுச் சொல்லையும் ஏற்குமானால், வலப்பக்கம் எங்கும் வராத புதுத் தொடக்கக் குறி ஒன்றை வைத்து, அதற்கு மட்டும் ε-ஐ விட்டுவைக்கலாம்.

முடித்ததும் மிகச் சிறிய சொற்களால் சோதியுங்கள். இங்கே c ஒரு படியிலும், ac மூன்று படிகளிலும் கிடைக்க வேண்டும். c கிடைக்கவில்லை என்றால், S → B-ஐ நகலெடுக்காமலே அழித்திருக்கிறீர்கள்.