தோழிக்கு இரண்டு நிமிடம்

வரவேற்பு மேடையில் மைக் கைக்கு வருவதே பெரிய காரியம். ஒரு பக்கம் மெல்லிசைக் குழு அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை மண்டப வாசல் வரை நீண்டிருக்கும். "சீக்கிரம் முடிச்சிடும்மா, பந்தி ஆரம்பிச்சாச்சு" என்று மணமகளின் சித்தப்பா வந்து காதில் சொல்லிவிட்டுப் போவார். மணமகளின் நெருங்கிய தோழி பேச வேண்டியது இந்த இடைவெளியில்தான். காலையில் முகூர்த்த நேரத்தில் பேசலாம் என்றால் கெட்டிமேளம் எதையும் கேட்க விடாது. ஆகவே முந்தின நாள் மாலை கிடைக்கும் ஒன்றரை நிமிடத்தில், மிஞ்சினால் இரண்டு நிமிடத்தில், சபையையும் சிரிக்க வைக்க வேண்டும், மணமகளின் மனத்திலும் நிற்க வேண்டும்.

நம் வழக்கத்தில் மணமக்களுக்கு ஆசி சொல்லும் உரிமை வயதில் மூத்தவர்களுடையது. இது இன்று நேற்று வந்ததல்ல. அகநானூற்றின் 86-ஆம் பாடலில் ஒரு திருமணம் வருகிறது. பந்தல் போட்டிருக்கிறார்கள், மணல் பரப்பியிருக்கிறார்கள், உளுந்து சேர்த்துக் குழையச் சமைத்த சோறு நடக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி, கணவனைப் பேணும் நல்ல துணையாக இரு என்று வாழ்த்துகிறார்கள். வாழ்த்தும் தகுதி அங்கே தாய்மார்களுக்கு. இன்றும் மேடையில் பேச வருபவர்கள் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள்.

நண்பர்களின் பேச்சுக்குத் திருமணச் சடங்கிலேயே இடம் கொடுத்தவை சுயமரியாதைத் திருமணங்கள். புரோகிதரும் மந்திரமும் இல்லாத அந்த மேடையில் வாழ்த்துரைதான் நிகழ்ச்சியின் பெரும்பகுதி. இந்தத் திருமணங்கள் செல்லும் என்று அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் அப்போது சேர்ந்த 7-ஏ பிரிவு, உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்கலாம் என்கிறது. உறவினருக்கு அடுத்த சொல்லாக நண்பரும் சட்டத்தில் ஏறிவிட்டார். 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடந்த சுயமரியாதைத் திருமணங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோதும், நண்பர் என்ற முறையில் அவர்கள் இதை நடத்திவைக்கலாம் என்றே சொன்னது.

கேலிக்கும் நம் கல்யாணங்களில் பஞ்சமில்லை. நலங்கில் ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைப்பதும், சம்பந்தி வீட்டாரைப் பாட்டிலேயே வாருவதும் பழைய சங்கதி. இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் மாப்பிள்ளையின் நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். மண்டப வாசலில் நாளிதழ் மாதிரி ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள். "எங்கள் சங்கத்தின் முக்கிய உறுப்பினரை இழந்துவிட்டோம்" என்று அழுகிறார்கள். 2022-இல் உசிலம்பட்டிப் பக்கம் நடந்த ஒரு திருமணத்தில், சனி ஞாயிறுகளில் மாப்பிள்ளை கிரிக்கெட் ஆட அனுமதிப்பதாக மணமகளிடம் பத்திரத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது செய்தியாகவும் வந்தது. சிரிப்பான விஷயம்தான். ஆனால் இந்த வகைக் கேலி எல்லாவற்றிலும் மணமகளுக்கு ஒரே வேடம்: பூட்டும் சாவியுமாக நிற்கும் வார்டன். அவள் எப்படிப்பட்டவள் என்று அதில் ஒரு வரி கிடையாது. தோழி பேச வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

எழுத உட்காரும் தோழிகள் பெரும்பாலும் இரண்டு துண்டாக எழுதிவிடுகிறார்கள். முதல் பாதி முழுக்கக் கிண்டல்: சமையல் தெரியாது, தூங்கினால் எழ மாட்டாள், மாமியார் பாவம். பிறகு திடீரென்று குரல் மாறி, ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி, பதினாறும் பெற்று என்று இறங்கிவிடும். கிண்டல் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். வாழ்த்து எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் மணமகளைக் காணவில்லை. இதைச் சரிசெய்ய ஒரே வழி, எந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறோமோ அதே சம்பவத்திலிருந்து வாழ்த்தையும் எடுப்பது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த இருவர். மணமகளின் குணம் இது: யார் வழி கேட்டாலும் தெரியாது என்று சொல்லவே மாட்டாள். தோழி முதலில் எழுதியது, "இவளிடம் வழி கேட்காதீர்கள், தொலைந்துபோவீர்கள். மற்றபடி தங்கமான பெண். பல்லாண்டு வாழ்க." இதில் குணம் இருக்கிறது, சம்பவம் இல்லை. 'தங்கமான பெண்' என்பதைச் சபை நம்புவதற்கும் அதில் எதுவும் இல்லை. அந்தக் குணம் வெளிப்பட்ட ஒரு நாளைத் தேடியெடுத்து, பேச்சு நடையிலேயே அவள் திரும்ப எழுதினால் இப்படி வரும்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் இவளோட அஞ்சு வருஷம் ஒரே பெஞ்சு. எங்க ஃப்ரெண்டு ஒருத்தி கல்யாணம் பட்டுக்கோட்டையில. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல இவதான் 'இந்த பஸ்தான், ஏறுடி'ன்னா. கண்டக்டரைக் கேட்டுடலாமேன்னேன். 'எனக்குத் தெரியாதா'ன்னா. அய்யம்பேட்டை தாண்டின பிறகுதான் தெரிஞ்சது, அது கும்பகோணம் பஸ். எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவ அசரல. பாபநாசத்துல இறங்கினோம். 'வந்தது வந்தாச்சு, முதல்ல டீ குடிப்போம்'னா. அந்த டீக்கடைக்காரர்கிட்டயே வழி கேட்டு, ரெண்டு பஸ் மாறி, பட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தப்ப தாலி கட்டி முடிச்சாச்சு, பந்தியே முடியப்போகுது. கடைசி இலையில உக்காந்து சாப்பிட்டோம். ஆனா அந்த நாள் முழுக்க நான் சிரிச்ச மாதிரி அதுக்கு அப்புறம் சிரிச்சதில்ல. அண்ணா, இனிமே வழி கேக்கிற பொறுப்பு உங்களுது. இவ சொல்ற பஸ்ல மட்டும் ஏறிடாதீங்க. தப்பித்தவறி ஏறிட்டா, பயப்படாதீங்க. பக்கத்துல இவ இருப்பா. ஏய், நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருல போய் இறங்கினாலும் அங்க ஒரு டீக்கடை திறந்திருக்கணும்டி. எப்பவும் இப்படியே சிரிச்சிட்டு இருங்க."

நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தவறான பஸ்தான் இங்கே சிரிப்பு; அதே பஸ்தான் வாழ்த்தும். அவள் எதற்கும் அசராதவள் என்பதைத் தோழி பட்டம்போலச் சூட்டவில்லை. டீ குடிக்கப் போனதைச் சொன்னவுடன் சபைக்கே புரிந்துவிடுகிறது. மாப்பிள்ளையை 'அண்ணா' என்று ஒரு வார்த்தையில் உள்ளே இழுத்துக்கொள்வதால் அவரும் வெறும் பார்வையாளராக நிற்பதில்லை. கடைசியில் பேச்சு மணமகள் பக்கம் திரும்பி, 'டி' போட்டு முடிகிறது. சபை நாகரிகம் கருதி அந்த 'டி'யை எடுத்துவிட்டால், பேசுபவர் அலுவலகத்திலிருந்து வந்தவரைப் போல ஆகிவிடுவார்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் பாட்டி உட்கார்ந்திருப்பார் என்பதை எழுதும்போதே நினைவில் வைக்க வேண்டும். பஸ் மாறி ஏறிய கதை அவருக்குப் புரியும், சிரிப்பார். விடுதியில் வைத்த பட்டப்பெயரும், நாலு பேருக்கு மட்டும் தெரிந்த வகுப்புக் கதையும் புரியாது. கல்லூரிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் மூலையில் மட்டும் ஆரவாரம் எழுந்து, மற்றவர்கள் செல்போனை எடுத்தால் கதை சபைக்கானதல்ல என்று அர்த்தம். அதைவிட ஆபத்தானவை, புரிந்துவிடும் கதைகள்: பழைய காதல், தட்டிப்போன வரன், எடை, நிறம், சம்பளம். மேடையில் மணமகள் சிரிப்பாள். மறுநாள் புகுந்த வீட்டில் அந்தக் கதைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவளும் அவள்தான். எழுதியதை இரண்டு நாள் முன்பே மணமகளின் அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிடுவது நல்லது. அவர் முகம் எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த வரியை அடித்துவிடலாம்.

வாழ்த்துப் பகுதியிலும் இடறும் இடம் ஒன்று உண்டு. "அடுத்த வருஷம் தொட்டில் கட்டணும்" என்பது வாய்க்குத் தானாக வரும் வரி. பெரியவர்கள் அதை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். மணமகள் மேலே படிக்க நினைத்திருக்கலாம், வேலை மாறக் காத்திருக்கலாம், உடம்பில் ஏதோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கலாம். இவையெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த மேடையில் தோழிதான். அவளும் அதையே சொன்னால் எப்படி?

மேடையே வேண்டாம் என்பவர்களுக்கு வாழ்த்துமடல் என்ற பழைய வழி இருக்கிறது. மேலே மணமக்கள் பெயர், நாள், மண்டபம். நடுவில் விருத்தமோ வெண்பாவோ. கீழே 'வாழ்த்தி மகிழும்' என்று போட்டு நண்பர்களின் பெயர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்றை மேடையில் கொடுத்துவிட்டு, மீதிப் பிரதிகளைத் தாம்பூலப் பையோடு வினியோகிப்பார்கள். இலக்கணம் தெரியாமல் விருத்தம் கட்ட முயன்றால் சீர் இடிக்கும். அந்த இடத்தை நிரப்ப 'இனிய', 'நல்ல' என்று சொற்கள் வந்து உட்காரும். அதற்கு நேரான உரைநடையே மேல். ஆனால் மைக்கில் சொன்ன பேச்சு நடையை அப்படியே அச்சடித்தால் தாளில் வேறு மாதிரி தெரியும். "ஏறுடின்னா" என்பதை "ஏறு என்றாள்" என்று மாற்றி, மணமகள் வாயிலிருந்து வந்த ஓரிரு வாக்கியங்களை மட்டும் பேச்சாகவே விட்டுவிடலாம். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரையும் இனிஷியலையும் சரிபார்ப்பது கட்டாயம்.

தாளை எப்படிக் கொடுப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். பலர் அதை மடித்து மொய்க் கவருக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கவரைப் பிரிப்பவர் மணமகள் அல்ல. மாமாவோ பெரியப்பாவோ மேசை போட்டு உட்கார்ந்து, பணத்தை எடுத்து நோட்டில் பெயரும் தொகையும் எழுதிவிட்டு, மிச்சத்தைக் காலடியில் இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுவார். தனிக் கவரில் போட்டு, மணமகளின் பை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையில் கொடுத்துவிட்டால் தாள் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.