மூடிய கண்ணுக்கு மாற்றுக் கண்

குழுப்படத்தில் ஒருவர் மட்டும் கண் மூடியிருந்தால், அதே வேளையில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து அவருடைய திறந்த கண்களை எடுத்து ஒட்டுவதே வழக்கம். இமைப்பு ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால், ஒரே நிலையில் அடுத்தடுத்து மூன்று நான்கு படங்கள் எடுத்திருந்தால் ஒன்றிலாவது கண் திறந்திருக்கும். வெளிச்சமும் தலையின் திருப்பமும் ஒத்துப்போகும் படமே கண் எடுக்க ஏற்றது.

கருவிழியை மட்டும் வெட்டி ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கண் திறக்கும்போது மேலிமை சுருண்டு புருவத்துக்குக் கீழே மடிப்பு விழுகிறது. மூடும்போது அந்த மடிப்பு விரிந்து மறைகிறது. ஆகவே புருவத்தின் அடிவிளிம்பு முதல் கீழிமைக்குச் சற்றுக் கீழ்வரை முழுப் பகுதியையும் எடுக்க வேண்டும். பாதி மூடிய கண்ணுக்கும் இதே விதிதான். அங்கே விழி சிறிது தெரிவதால் மிச்சத்தை வரைந்து நிரப்பத் தோன்றும். அப்படிச் செய்தால் இமை மட்டும் சோர்ந்தே நிற்கும்.

கல்யாண மேடைப் படம் ஒன்றில் பாட்டியின் கண்கள் பாதி மூடியிருப்பதாகக் கொள்வோம். அடுத்த படத்தில் கண் திறந்திருக்கிறது, ஆனால் ஒளிப்படக்காரர் ஓரடி முன்னே வந்துவிட்டதால் முகம் சற்றுப் பெரிது. அளவெடுக்கக் கண்ணின் ஓரங்களே நம்பகமானவை, இமைத்தாலும் அவை பெரிதாக நகர்வதில்லை. ஒரு கண்ணின் வெளியோரத்திலிருந்து மற்றதன் வெளியோரம் வரை புதுப்படத்தில் 240 பிக்சல், பழையதில் 200 என்றால், ஒட்டும் துண்டை 83 சதவீதமாகக் குறைக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் துண்டைத் தனி லேயராக வைத்து, Opacity அளவை 50 சதவீதமாக்கினால் அடியில் உள்ள முகமும் தெரியும். Ctrl+T அழுத்தி அளவைக் குறைத்து, தலைச் சாய்வுக்கேற்பச் சிறிது சுழற்றி, நான்கு ஓரங்களையும் பொருத்தலாம். பிறகு Opacity அளவை மீண்டும் 100 ஆக்கி, லேயர் மாஸ்க் சேர்த்து, மென்மையான கறுப்பு பிரஷால் விளிம்புகளை மறைக்க வேண்டும்.

இந்த மறைப்பில்தான் வேலை கெடும். மூடிய கண்ணின் மேலிமை முடிகள் கீழ்நோக்கிப் படிந்திருக்கும். கீழ்ப்பக்கம் அதிகமாக மறைத்துவிட்டால் அந்தப் பழைய முடிகள் எட்டிப்பார்த்து, திறந்த கண்ணுக்குக் கீழே இரண்டாவது வரிசை முடி முளைத்ததுபோல் தோன்றும். மாஸ்க்கின் எல்லையைக் கன்னத்தின் வழவழப்பான தோலுக்கு நகர்த்தினால் இது தீரும். தோலின் நிறம் மாறினால் Curves கொண்டு துண்டை மட்டும் சற்று ஒளியேற்றியோ மங்கச்செய்தோ சரிசெய்யலாம்.

ஒரு கண் மட்டும் திறந்த படம் கிடைத்தால், அதையே இடவலமாகத் திருப்பி மறுகண்ணாக வைக்கும் குறுக்குவழி உண்டு. விழியில் மின்னும் ஒளிப்புள்ளியும் எதிர்ப்பக்கம் போய்விடுவதால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் பார்வை கோணலாகப் படும். புள்ளியை அழித்து மறுகண்ணில் உள்ள அதே பக்கத்தில் வைக்க வேண்டும்.

சில படங்களில் இந்த வழி உதவாது. தலை பக்கவாட்டில் வேறு கோணத்துக்குத் திரும்பியிருந்தால் எந்தச் சுழற்றலும் பொருந்தாது. வாய்விட்டுச் சிரிக்கும்போது கன்னம் மேலெழுந்து கீழிமையைத் தள்ளும். அந்த முகத்தில் சாதாரணமாகப் பார்க்கும் கண்ணை ஒட்டினால் மிரண்டு விழிப்பதுபோல் இருக்கும். அப்போது கண்ணை விட்டுவிட்டு, அடுத்த படத்திலிருந்து முழுத் தலையையும் கழுத்துவரை எடுத்து வைப்பதே எளிது.