மாற்றான் எங்கே நிற்கிறான்?

சொல் பார்த்தல் – 14

இந்த வாரம் ஐந்தே சொல் கொண்ட ஒரு வாசகம்: "மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு." அண்ணாவின் வாசகமாகத் தமிழ்நாட்டில் ஊறிப்போனது. கட்சி மேடை, பட்டிமன்றம், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி, கூட்டணி அறிவிப்பு என்று எங்கே வேண்டுமானாலும் வந்துவிடும். கேட்டதும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எதிர்த்தரப்பிலும் நல்லது இருக்கும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் "எதிர்த்தரப்பிலும் நல்லது உண்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தோட்டம், மல்லிகை எல்லாம் அழகுக்காக வந்தவை என்றே வைத்துக்கொள்வோம். முதல் சொல் அப்படி வந்ததில்லை. வாசகத்தின் கனம் முழுவதும் 'மாற்றான்' மேல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம்.

ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு சொல்லை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். "அடுத்த வீட்டுத் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு." உப்புச் சப்பில்லை. அடுத்த வீட்டுப் பூ மணக்காது என்று யார் சொன்னார்கள்? மறுக்காத ஒன்றை ஒப்புக்கொள்வதில் பெருந்தன்மைக்கு வேலையே இல்லை. "பகைவன் தோட்டத்து" என்று வைத்தால் நேர்மாறு. பகைவன் என்ற சொல் வந்ததும் காதில் வாள் சத்தம் கேட்கிறது. அவன் தோட்டத்தில் நின்று பூவை மோந்து பார்க்கிற நிதானம் வாசகத்துக்கு வரவில்லை. 'எதிரி' இன்னும் மோசம். அது போலீஸ் புகாரிலும் கோர்ட்டுக் கட்டிலும் புழங்கிப் புழங்கி மல்லிகையோடு ஒட்டாமல் போன சொல். 'பிறன்' என்றால் பகை போய்விடுகிறது, வேறு யாரோ ஒருவன் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

மாற்றான் இவற்றுக்கு நடுவே நிற்கிறான். அகராதி பகைவன் என்றுதான் பொருள் தரும். ஆனால் பகைவனுக்கும் மாற்றானுக்கும் மணத்தில் வேறுபாடு உண்டு. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளை நினைத்துப் பாருங்கள். ஒரு காரியத்தில் இறங்குமுன் எடைபோட வேண்டியவற்றை வள்ளுவர் அடுக்கும்போது, தன் வலிமைக்கு அடுத்து மாற்றான் வலிமையை வைக்கிறார். அங்கே மாற்றான் வெறுக்கப்படுகிறவன் இல்லை, அளக்கப்படுகிறவன். நமக்கு எதிர்வரிசையில் நிற்கிறான், அவனிடம் கணக்கில் எடுக்க வேண்டிய ஏதோ இருக்கிறது. இந்த வாசகத்துக்கு வேண்டியதும் அந்தக் கண்தான்.

இது புலவர் வழக்கு. தெருவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. இன்று 'மாற்றான்' தனியாக வருவது அபூர்வம். 'மாற்றான் மனைவி', 'மாற்றான் சொத்து' என்று பெரும்பாலும் அவனுடைய ஏதோ ஒன்றோடு சேர்ந்து வருவான். நமக்கு உரிமையில்லாத, கண் வைக்கக் கூடாத பொருளின் சொந்தக்காரன் அவன். ஆகவே 'மாற்றான் தோட்டத்து' என்று சொன்ன மாத்திரத்தில் வேலி ஒன்று எழுந்துவிடுகிறது. உள்ளே இருக்கிற பூவைப் பார்க்கலாம், மணத்தை ஒப்புக்கொள்ளலாம், பறிக்க முடியாது. (இந்த வாசகத்தைக் கிசுகிசுப் பக்கங்களில் வேறு மாதிரி வளைப்பவர்கள் இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் வளைக்கிறார்கள். சொல்லில் இல்லாததை அவர்கள் கொண்டுவரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.) 2012-இல் சூர்யா ஒட்டிப்பிறந்த இரட்டையராக நடித்த படத்துக்கும் 'மாற்றான்' என்றே பெயர் வைத்தார்கள். அங்கே பகை கிடையாது, 'மற்றவன்' என்ற பொருள் மட்டும்.

இன்னொரு காரணம் காதுக்குச் சொந்தமானது. மாற்றான், மல்லிகை, மணம் என மூன்று சொல்லும் மகரத்தில் தொடங்குகின்றன. மேடைப் பேச்சில் மோனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அண்ணா காலத்துப் பேச்சாளர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மோனைக்காக மட்டும் வந்த சொல் என்று ஒதுக்கவும் முடியாது. மோனைக்கு 'மற்றவன்' கூடப் போதும். போட்டுப் பாருங்கள், வேலி விழுந்துவிடும்.

இனி இடம். மாற்றான் வாசகத்தின் தொடக்கத்தில் இருக்கிறான், மணம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நடுவே தோட்டமும் மல்லிகையும். மணம் யாருக்கு உண்டு? மல்லிகைக்கு. எந்த மல்லிகை? தோட்டத்தில் உள்ளது. யார் தோட்டம்? மாற்றான் தோட்டம். பாராட்டு அவனைத் தொட வேண்டுமென்றால் இரண்டு படி தாண்டியாக வேண்டும். நான்காம் வேற்றுமையின் 'கு' மல்லிகையோடு ஒட்டி நின்றுவிட்டது. மாற்றானுக்கு உருபு எதுவும் வெளியே தெரியவில்லை, தோட்டத்துக்கு அடைமொழியாக முன்னால் நிற்கிறான். "மாற்றானுக்கும் மணம் உண்டு" என்று யாரும் சொல்லவில்லை. மாற்றானைப் பாராட்டும் வாசகம் என்றுதான் இதைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். வாசகமோ அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் நல்லவனா, தோட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறானா, தெரியாது. அவனிடம் விளைந்த ஒன்று மணக்கிறது, அந்த அளவுக்குத்தான் ஒப்புதல்.

இப்போது 'உம்'மைக் கவனிக்கலாம். அது இடம் மாறினால் எல்லாம் மாறும். "மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கு மணமும் உண்டு" என்றால் நிறம் இருக்கிறது, கூடவே மணமும் இருக்கிறது என்று பூவைப் பற்றிய செய்தியாகிவிடும். 'உம்' மல்லிகையோடு சேர்ந்திருப்பதால்தான் இன்னொரு மல்லிகை நினைவுக்கு வருகிறது.

இலக்கண நூல்கள் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லும். நமக்கு இரண்டு போதும். வீட்டுக்கு வந்தவரிடம் "அக்காவுக்கும் காய்ச்சல்" என்று சொன்னால், வேறு யாருக்கோ ஏற்கெனவே காய்ச்சல் என்று அவர் புரிந்துகொள்வார். சொல்லாமல் விட்ட ஒன்றைத் தழுவி நிற்பதால் இது எச்ச உம்மை. "குழந்தைக்கும் புரியும் கணக்கு" என்றால் அப்படி இல்லை. குழந்தைக்கே புரியும் என்றால் மற்றவர்க்குக் கேட்கவா வேண்டும் என்கிறது. இது சிறப்பு உம்மை, அதிலும் தாழ்வைக் காட்டி நிற்பது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: உம்மை எடுத்துவிட்டு 'கூட' போட்டு, கூடவே குரலைச் சற்று உயர்த்திச் சொல்லிப் பாருங்கள். "குழந்தைக்குக்கூடப் புரியும்" இயல்பாக வருகிறது. "அக்காவுக்குக்கூடக் காய்ச்சல்" என்று அந்த வீச்சில் சொன்னால், அக்காவுக்குக் காய்ச்சலே வராது என்பது போல ஆகிவிடும்.

மல்லிகைக்கு எந்த உம்மை? நான் எச்ச உம்மை என்றே படிக்கிறேன். சொல்லாமல் விட்ட பாதி இது: 'என் தோட்டத்து மல்லிகைக்கு மணம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.' ஆக, பணிவான வாசகம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் இதில் தன்னைத் தாழ்த்திக்கொள்வது எதுவும் கிடையாது. தன் பூ மணக்கும் என்ற உறுதியில் காலூன்றிக்கொண்டுதான் வேலிக்கு அப்பால் பார்க்கிறது. சிறப்பு உம்மையாகவும் சிலர் படிக்கலாம்: மாற்றான் தோட்டத்தில் பூத்ததுகூட மணக்கும், மல்லிகை என்றால் அப்படி! அந்தப் படிப்பில் பெருமை மல்லிகை இனத்துக்குப் போகும், மாற்றான் இன்னும் ஒரு படி இறங்குவான். இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. எது என்று தீர்மானிப்பது சொல்பவரின் குரலும் கேட்பவர் யார் என்பதும்தான்.

கேட்பவர் யார்? அதற்கு விடை கடைசிச் சொல்லில் இருக்கிறது. இதே வாசகம் "மாற்றான் தோட்டத்து மல்லிகையும் மணக்கும்" என்றும் புழங்குகிறது. 'மணக்கும்' என்றால் மணம் காற்றில் வந்து நம் மூக்கைத் தொடுகிறது. 'மணம் உண்டு' அப்படி வருவதில்லை. 'உண்டு' என்ற சொல் 'இல்லை' என்ற சொல்லோடு மல்லுக்கு நிற்கவே பிறந்தது. யாராவது இல்லை என்று சொல்லியிருந்தால்தான், அல்லது சொல்லக்கூடும் என்றால்தான், உண்டு என்று அழுத்தத் தோன்றும். மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கு மணம் இல்லை என்று யார் சொல்வார்கள்? மாற்றானா சொல்வான்? அவனை மாற்றான் என்று கருதுகிற நம் ஆட்கள்தான். வாசகம் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம் பேசப்படுகிறது. அதனால்தான் அவனை அவர்கள் அழைக்கிற பெயரிலேயே அழைக்கிறது. 'மாற்றான் என்கிறீர்களா, இருக்கட்டும்' என்று அதை ஏற்றுக்கொண்டு, மணத்தை மட்டும் மறுக்காதீர்கள் என்கிறது.

அண்ணாவின் அரசியலில் இதற்குப் பொருத்தமான இடங்கள் இல்லாமல் இல்லை. ராஜாஜி ஆட்சியில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து 1938-இல் சிறைக்குப் போனவர், 1967 தேர்தலில் அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி வைத்தார். ராஜாஜி தி.மு.க.காரர் ஆகவில்லை, அண்ணா சுதந்திராக்காரர் ஆகவில்லை. வேலி வேலியாகவே இருந்தது. வாசகத்தை நிரூபிக்க இதைக் கொண்டுவரவில்லை. சொல்லுக்குள் இருப்பதை வரலாற்றைக் கொண்டு நிரப்ப ஆரம்பித்தால் பிறகு எந்தச் சொல்லிலும் எதையும் படித்துவிடலாம். மாற்றான் மாற்றானாகவே இருந்தபடி ஒப்புதல் பெறுவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்ட மட்டும். கட்சி மாறுகிற அன்று இதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு மேடையேறுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் போய்ச் சேர்ந்தது சொந்தத் தோட்டம் ஆகிவிட்டது, அங்கே மாற்றான் யார்?

இந்தச் சொல் தாங்காத இடம் இன்னொன்றும் உண்டு. வேறு கட்சித் தலைவர் ஒருவரின் இரங்கல் கூட்டத்துக்குப் போனவர், அவருடைய குடும்பத்தார் முன்வரிசையில் இருக்க, நல்லெண்ணத்தோடு இந்த வாசகத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசை முகங்கள் இறுகிவிடும். தன் ஆட்களிடம் சொன்னால் பெருந்தன்மையாக இருந்தது, மாற்றான் வீட்டாரிடம் சொன்னதும் 'நீங்கள் மாற்றார்' என்று நினைவூட்டுவதாகிவிட்டது. சரி, சொல்லைத் திருத்தி "உங்கள் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு" என்றால் சரியாகிவிடுமா? சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எச்ச உம்மையாக இருந்தது அந்த நொடியே சிறப்பு உம்மையாகப் புரண்டு, 'உங்களுடையதுகூட மணக்கிறதே' என்று கேட்கும்.