ஓப்பலை அவசரப்பட்டு உலர்த்தாதீர்கள்

சுக்கிரனுக்கு உரிய கல் வைரம். அதை வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஜோதிடர்கள் சொல்லும் மாற்றுக் கற்களில் ஒன்று ஓப்பல். மோதிரத்தை அணியும் முன் பசும்பாலில் நனைத்து எடுப்பது நம் வழக்கம். வைரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இன்று பரவலாக விற்கும் எத்தியோப்பிய ஓப்பல் அந்தப் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலின் வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், வாசனைத் திரவியம் எல்லாமே அப்படித்தான் உள்ளே போகும். நாளடைவில் கல் மஞ்சளித்துவிடும்.

இந்தக் கல் வருவது எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியிலிருந்து. அங்கே 2008-ல் பெரிய படிவு கண்டறியப்பட்ட பிறகுதான் ஓப்பல் விலை சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. கணிசமான கற்கள் ஜெய்ப்பூரில் அறுத்து மெருகேற்றப்படுகின்றன.

ஓப்பல் மற்ற ரத்தினங்களைப் போலப் படிகக் கல் அல்ல. மணலில் இருக்கும் அதே சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகி அடுக்கடுக்காக அமர்ந்திருப்பதே ஓப்பல். 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜே. வி. சாண்டர்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியோடு இதை விளக்கினார். அந்த அடுக்குகளில் ஒளி பட்டு விலகும்போதுதான் வானவில் நிறங்கள் பிறக்கின்றன. உருண்டைகளுக்கு இடையே நீர் தங்கியிருக்கும். கல்லின் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீர்தான்.

வறண்ட வெப்பம் ஓப்பலுக்கு எதிரியாவது இந்த நீரால்தான். கோடையில் ஏரியின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்போம். மேல்பரப்பு காய்ந்து சுருங்குகிறது. அடியில் ஈரம் இருப்பதால் அது சுருங்க மறுக்கிறது. இழுபடும் மேல்தோல் கிழிகிறது. ஓப்பலிலும் நடப்பது இதேதான். வெடிப்புக்குக் காரணம் நீர் குறைவது மட்டுமல்ல, அது குறையும் வேகமும்தான். மெல்ல மெல்லக் காய்ந்தால் தாங்கிக்கொள்ளும் கல்லே, வேகமாகக் காய்ந்தால் சிலந்திவலை போன்ற நுண்விரிசல் விட்டுவிடும். ஒருமுறை விழுந்த விரிசல் கூடாது. எண்ணெய் தடவினால் சில நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் அடிக்கடி நேரும் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். மோதிரத்தோடு குளித்துவிட்டு வந்து பார்த்தால், எத்தியோப்பிய ஓப்பல் கண்ணாடித் துண்டு போலத் தெரிகிறது. நிறமெல்லாம் மங்கிவிட்டது. கல் கெட்டுவிட்டது என்று பதறி, வெயிலில் வைக்கிறார்கள், ஹேர் டிரையரைக் காட்டுகிறார்கள். உண்மையில் அதுவரை கல்லுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. துளைகளில் காற்று இருந்த இடத்தில் நீர் நிரம்பியதால் ஒளியின் விளையாட்டு தற்காலிகமாக அடங்கியிருக்கிறது. கேடு தொடங்குவது அந்த ஹேர் டிரையரில்தான். மென்துணியால் ஒற்றி, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் வைத்தால் போதும். சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ நிறம் திரும்பிவிடும். பெரிய கல்லுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். இடையில் கல் பால் போல வெளுப்பது இயல்பு.

ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி, லைட்னிங் ரிட்ஜ் கற்கள் இப்படி நீரை இழுப்பதில்லை. அவற்றை இளஞ்சூட்டு நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம். ஒட்டுக் கல்லாக இருந்தால் மட்டும் ஊறவைக்கக் கூடாது, பசை விட்டுவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், எத்தியோப்பியக் கல் என்றே கொண்டு உலர்ந்த துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பத்திரப்படுத்துவதிலும் இதே கவனம் வேண்டும். ஓப்பல் குவார்ட்ஸைவிட மென்மையானது; மற்ற நகைகளோடு போட்டால் கீறல் விழும். ஆகவே தனிப் பையில் வையுங்கள். புதிய பைகளிலும் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அந்தப் பெட்டியிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சுவதே அதன் வேலை. மாதக்கணக்கில் வறண்ட குளிர்சாதன அறையிலோ லாக்கரிலோ இருக்கப்போகிறது என்றால், கல்லைத் துணியில் சுற்றி, இரண்டு மூன்று சொட்டு நீர் விட்ட பஞ்சோடு ஜிப் பையில் போடுங்கள். எத்தியோப்பியக் கல்லைப் பஞ்சு நேராகத் தொடக் கூடாது. பையினுள் காற்று வறளாமல் இருந்தால் போதும், கல் நனைய வேண்டியதில்லை. கிளிசரினிலும் எண்ணெயிலும் போட்டு வைப்பது வேண்டாத வேலை.

மோதிரம் தளர்ந்து பத்தரிடம் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பு வைக்கச் சொல்லுங்கள். அல்ட்ராசோனிக் கருவியும் நீராவியும் வேண்டாம். வேலை முடிந்ததும் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நுண்விரிசல் இருந்தால் முடி போன்ற கோடுகள் பளிச்சிடும். கல்லைக் கொடுப்பதற்கு முன்னும் இதே சோதனையைப் பத்தர் முன்னிலையில் செய்துவிடுவது இருவருக்கும் நல்லது.